கத்தி விழுந்தால் வாக்கியம் முழுக்க ‘கி’: சுவாஹிலியின் பெயர் வகுப்புகள்

‘கிசு ச்சாங்கு கிஸூரி கிமெஆங்குக்கா.’ என்னுடைய நல்ல கத்தி கீழே விழுந்துவிட்டது என்று சுவாஹிலியில் சொல்வது இப்படித்தான். கத்தி ஒன்றுக்கு மேல் இருந்தால், ‘விசு வ்யாங்கு விஸூரி விமெஆங்குக்கா.’ கத்தி என்ற சொல் மட்டும் மாறவில்லை. ‘என்’, ‘நல்ல’, ‘விழுந்தது’ ஆகிய மூன்றும் அதோடு சேர்ந்து மாறிவிட்டன. நான்கு சொற்களின் தலையிலும் முதலில் ‘கி’ இருந்தது, பிறகு ‘வி’ வந்து உட்கார்ந்துகொண்டது. ‘ச்சாங்கு’ என்பதிலும் ‘கி’தான் ஒளிந்திருக்கிறது, கி, ஆங்கு இரண்டும் சேரும்போது ‘ச்சாங்கு’ ஆகிறது. ‘வி’யும் ‘ஆங்கு’வும் சேர்ந்தால் ‘வ்யாங்கு’.

சுவாஹிலி ரோமன் எழுத்தில் எழுதப்படும் கிழக்கு ஆப்பிரிக்க மொழி. இங்கே தமிழ் எழுத்தில் தருவதால் படிக்கும் முறையை ஒரு தடவை சொல்லிவிடலாம். க, த, ப ஆகியவை சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும் இடத்திலும், தொடக்கத்தில் தனித்து நிற்கும் ‘ம்’முக்குப் பின்னும் வல்லோசை. ‘ம்தி’ (மரம்) என்பதை ‘ம்’ என்று தனி அசையாக நிறுத்தி, பிறகு ‘தி’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ங்க’, ‘ம்ப’, ‘ந்த’ போன்ற கூட்டெழுத்துகள் தமிழில் ஒலிப்பதுபோலவேதான். அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். அதனால் அந்த இடம் கொஞ்சம் நீண்டு கேட்கும்.

தமிழ் பேசுகிறவருக்கு ‘சொல் பொருந்தி நடப்பது’ என்பது புதிதல்ல. அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது என்று நாம் வினையின் வாலில் செய்வதை சுவாஹிலி தலையில் செய்கிறது. ஆனால் நமக்குப் பொருத்தம் வினையோடு முடிந்துவிடுகிறது. ‘பெரிய கத்தி, பெரிய கத்திகள்’ என்பதில் ‘பெரிய’ அசைவதில்லை. அதுவும் பேச்சில் ‘ரெண்டு கத்தி கீழ விழுந்துடுச்சு’ என்கிறோம். பெயரும் ஒருமை, வினையும் ஒருமை. இந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோனால் ‘கிசு விவிலி கிமெஆங்குக்கா’ என்று வரும். இரண்டைக் காட்டும் ‘விவிலி’ மட்டும் பன்மையில், முன்னும் பின்னும் ஒருமை. கேட்பவருக்குப் புரியும், ஆனால் வாக்கியம் உடைந்து கிடக்கும். சரியானது ‘விசு விவிலி விமெஆங்குக்கா’. எண்ணிக்கை சொல்லிவிட்டோமே, பன்மை எதற்கு என்ற கணக்கு அங்கே செல்லாது.

வரிசையும் தலைகீழ். நாம் அடைமொழியை முதலில் சொல்லிவிட்டுப் பெயருக்கு வருகிறோம். சுவாஹிலியில் பெயர்தான் முதலில் வரும். அதன் பின்னால் ‘என்’, அப்புறம் ‘நல்ல’, அப்புறம் எண், கடைசியில் வினை. இது கற்பவருக்கு ஒரு வசதி. பெயரைச் சொன்ன கணத்திலேயே சுதி தெரிந்துவிடுகிறது. மற்ற சொற்கள் அந்தச் சுதியைப் பிடித்துக்கொண்டு வரவேண்டியதுதான்.

இந்தச் சுதிகளைத்தான் இலக்கணக்காரர்கள் பெயர் வகுப்பு என்கிறார்கள். சுவாஹிலி சேர்ந்த பாண்டு மொழிக் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் இந்த அமைப்பு உண்டு. ஜெர்மன் மொழியியலாளர் வில்ஹெல்ம் பிளீக் 19ஆம் நூற்றாண்டில் இவற்றுக்கு எண் போட்டார்; ஒருமைக்கு ஓர் எண், பன்மைக்கு இன்னொன்று. அந்த எண்களை இன்றும் இலக்கண நூல்களில் பார்க்கலாம். ஒப்பிட்டு ஆராய்பவருக்கு அவை தேவை. பேசக் கற்கிறவர் ‘7ஆம் வகுப்பு, 8ஆம் வகுப்பு’ என்று மனப்பாடம் செய்வது, என் கருத்தில், வீண் வேலை. ‘கிசு விழுந்தது, விசு விழுந்தன’ என்ற இரண்டு வாக்கியங்கள் நாக்கில் இருந்தால் 7, 8 இரண்டும் கைக்குள் இருக்கின்றன என்று அர்த்தம்.

ஒரே வாக்கியத்தை ஐந்து வகுப்புகளில் ஓட்டிப் பார்ப்போம். ‘என் நல்ல இன்னது விழுந்துவிட்டது’ என்பதே சட்டகம். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒருமை, பிறகு பன்மை.

கத்தி: கிசு ச்சாங்கு கிஸூரி கிமெஆங்குக்கா / விசு வ்யாங்கு விஸூரி விமெஆங்குக்கா.

மரம்: ம்தி வாங்கு ம்ஸூரி உமெஆங்குக்கா / மித்தி யாங்கு மிஸூரி இமெஆங்குக்கா.

பழம்: துந்தா லாங்கு ஸூரி லிமெஆங்குக்கா / மத்துந்தா யாங்கு மஸூரி யமெஆங்குக்கா.

பேனா: கலாமு யாங்கு ன்ஸூரி இமெஆங்குக்கா / கலாமு ஸாங்கு ன்ஸூரி ஸிமெஆங்குக்கா.

பிள்ளை: ம்தோத்தோ வாங்கு ம்ஸூரி அமெஆங்குக்கா / வத்தோத்தோ வாங்கு வஸூரி வமெஆங்குக்கா.

(‘வாங்கு’ என்றால் ‘என்னுடைய’. தமிழ்க் காதுக்கு ஏதோ கடைக்கு அனுப்புவதுபோல் ஒலிக்கும்; அதனாலேயே மறக்காது.)

இந்தப் பத்து வாக்கியங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், முன்னொட்டுகள் ஒரே குடும்பமல்ல, இரண்டு குடும்பங்கள் என்பது தெரியும். பெயரும் ‘நல்ல’ என்ற அடைமொழியும் ஒரு கூட்டு. மர வரியில் ம்தி, ம்ஸூரி. பன்மையில் மித்தி, மிஸூரி. பழ வரியில் பெயருக்குத் தலையில் ஒன்றும் இல்லை, ‘ஸூரி’க்கும் இல்லை, பன்மையில் இரண்டுக்கும் ‘ம’. ‘என்’ என்ற சொல்லும் வினையும் இன்னொரு கூட்டு. மர வரியில் வினைக்கு ‘உ’. அதே ‘உ’ ‘ஆங்கு’வோடு சேர்ந்து ‘வாங்கு’ ஆகிறது. பன்மையில் ‘இ’, அது ‘யாங்கு’ ஆகிறது. பழத்துக்கு ‘லி’, எனவே ‘லாங்கு’. பேனாப் பன்மைக்கு ‘ஸி’, எனவே ‘ஸாங்கு’. நம் இலக்கணத்தில் இ, உ உயிர்களுக்குப் பின் உடம்படுமெய்யாக யகரமும் வகரமும் தோன்றுவதைப் பார்த்துப் பழகியவருக்கு இந்த ஒலி மாற்றம் அவ்வளவு அந்நியமாக இராது.

‘கி, வி’ வகுப்பில் இந்த இரண்டு குடும்பங்களும் ஒரே முகம் காட்டுகின்றன. எல்லா இடத்திலும் கி, எல்லா இடத்திலும் வி. அதனால்தான் அதை முதலில் எடுப்பது நல்லது. ஆனால் அதுவே ஒரு பொறியும்கூட. ‘பெயரின் தலையை வெட்டி மற்ற சொற்களில் ஒட்டினால் போதும்’ என்று அங்கே கற்றவர் மரத்துக்கு வரும்போது ‘ம்தி ம்மெஆங்குக்கா’ என்று உருட்டுவார். அந்த வினைக்கு ‘நீங்கள் விழுந்துவிட்டீர்கள்’ என்று பொருள், மரத்துக்கு அது பொருந்தாது. விதியைப் பெயரிலிருந்து பிரித்தெடுக்காமல், ‘ம்தி உமெஆங்குக்கா’ என்று பெயரையும் வினையையும் ஒன்றாகவே வாயில் போட்டுக்கொண்டால் இந்தத் தவறு வராது.

பேனா வரி இன்னும் முக்கியமான ஒன்றைக் காட்டுகிறது. ‘கலாமு’ ஒருமையிலும் கலாமு, பன்மையிலும் கலாமு. ‘நல்ல’ என்பதும் இரண்டிலும் ‘ன்ஸூரி’யே. சொல்லட்டையில் ‘கலாமு: பேனா’ என்று எழுதி வைத்தவருக்கு இந்தச் சொல்லைப் பற்றிய பாதி விஷயம் தெரியாது. ஒரு பேனாவா, பல பேனாக்களா என்பது ‘யாங்கு, ஸாங்கு’ என்பதிலும் ‘இமெ, ஸிமெ’ என்பதிலும் மட்டுமே இருக்கிறது. வீட்டைக் குறிக்கும் ‘ன்யும்பா’, மேசையைக் குறிக்கும் ‘மேஸா’ ஆகியவையும் இதே வகுப்புதான். இந்த வகுப்பில் அன்றாடச் சொற்கள் ஏராளம். வாக்கியத்துக்கு வெளியே இந்தப் பெயர்களுக்கு எண்ணிக்கையே கிடையாது.

இன்னொரு பக்கம், வினையை மட்டும் தனியாகக் கற்றாலும் ஏமாற்றம்தான். ‘இமெஆங்குக்கா’ என்றால் பேனா ஒன்று விழுந்தது என்றும் கொள்ளலாம், மரங்கள் விழுந்தன என்றும் கொள்ளலாம். ‘உமெஆங்குக்கா’ மரத்துக்கும் பொருந்தும், ‘நீ விழுந்துவிட்டாய்’ என்பதற்கும் அதேதான். ‘ம்ஸூரி’ நல்ல பிள்ளைக்கும் வரும், நல்ல மரத்துக்கும் வரும். ஆக, எந்தத் துண்டும் தனியாக நின்று வகுப்பைச் சொல்லிவிடுவதில்லை. இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்தால்தான் சந்தேகம் தீரும்.

அடுத்தது மனிதரும் விலங்குகளும். இங்கே தமிழர் தடுமாறுவதற்குக் காரணமே தமிழ்தான். மக்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று தொல்காப்பியம் போட்ட கோடு நம் வாயில் இன்றும் இருக்கிறது. சிங்கமும் கல்லும் நமக்கு ஒரே பக்கம். இரண்டும் ‘வந்தது, விழுந்தது’தான். சுவாஹிலி அந்தக் கோட்டை வேறு இடத்தில் போடுகிறது. விலங்குகளும் மனிதரோடு சேர்த்தி. ‘சிம்பா’ என்ற சொல் தோற்றத்தில் பேனா வகுப்புதான், பன்மையிலும் சிம்பாவே. ஆனால் சிங்கம் வந்தால் ‘சிம்பா அமெக்கூஜா’. சிங்கங்கள் வந்தால் ‘சிம்பா வமெக்கூஜா’. பிள்ளைக்கு வந்த அதே அ, வ. ‘சிம்பா இமெக்கூஜா’ என்று சொன்னால், அது சிங்கத்தை ஒரு பொருளாக்கிப் பேசுவதுபோல் ஆகும்.

இதற்கு ‘கிபோக்கோ’வைவிட நல்ல சான்று கிடைக்காது. அது நீர்யானை. நீர்யானைத் தோலில் செய்த சவுக்குக்கும் அதே பெயர். வடிவத்தில் ‘கி’ வகுப்பு, பன்மை ‘விபோக்கோ’. ‘கிபோக்கோ கிமெஆங்குக்கா’ என்றால் சவுக்கு கீழே விழுந்தது. ‘கிபோக்கோ அமெஆங்குக்கா’ என்றால் நீர்யானை விழுந்தது. பெயர் ஓர் எழுத்தும் மாறவில்லை. வினையின் தலை ஒன்றே எது விழுந்தது என்று சொல்லிவிடுகிறது. அடைமொழியும் கூடவே போகும்: நல்ல சவுக்கு ‘கிபோக்கோ கிஸூரி’, நல்ல நீர்யானை ‘கிபோக்கோ ம்ஸூரி’. இளைஞனைக் குறிக்கும் ‘கிஜானா’வும் இப்படித்தான்: ‘கிஜானா வாங்கு ம்ஸூரி அமெக்கூஜா’, பன்மையில் ‘விஜானா வாங்கு வஸூரி வமெக்கூஜா’.

இதில் ஒரு சிறு விலக்கு உண்டு. நண்பன், அம்மா, அப்பா போன்ற உறவுச் சொற்களில் ‘என்’ மட்டும் பேனா வகுப்போடு தங்கிவிடுகிறது. வினை மனித வகுப்பில் நடக்கிறது. ‘ரஃபீக்கி யாங்கு அமெக்கூஜா’ (என் நண்பன் வந்துவிட்டான்). அதே வாக்கியத்தில் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. இதை விதியாக நினைவில் வைப்பது சிரமம், வாக்கியமாக வைப்பது சுலபம்.

சரி, எப்படிப் பழகுவது? ‘கி’ வகுப்பில் வீட்டில் கைக்கெட்டும் ஐந்து பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கிசு (கத்தி), கித்தி (நாற்காலி), கிக்கோம்பே (கோப்பை), கிஜீக்கோ (கரண்டி), கித்தாபு (புத்தகம்). முதல் நாள் இரண்டு சொல் வாக்கியம் மட்டும். ‘கிசு கிமெஆங்குக்கா, கித்தி கிமெஆங்குக்கா’ என்று ஐந்து ஒருமை, பிறகு அதே ஐந்தும் பன்மையில். மொத்தம் பத்து வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம். பொருளைக் கையில் எடுத்து, ஒன்றா பலவா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னால், எண்ணிக்கையும் முன்னொட்டும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் தமிழ் வந்து நிற்காது.

அது தடங்கலின்றி வந்த பிறகு மூன்றாவது சொல்லாக ‘ஸூரி’. அடுத்து எண். ‘ச்சாங்கு, வ்யாங்கு’வைக் கடைசியில் சேர்ப்பது நல்லது, ஏனென்றால் அதில் ஒலி மாறிவிடுவதால் ‘இது வேறு ஏதோ முன்னொட்டு’ என்று மனம் குழம்பும். ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டுமே மாற்ற வேண்டும். பெயரை மாற்றுகிற நாளில் காலத்தை மாற்றக் கூடாது. காலம் எப்படியும் தொல்லை தராது: ‘கி-மெ-ஆங்குக்கா’வில் நடுவில் இருக்கும் ‘மெ’யை எடுத்துவிட்டு ‘த்தா’ வைத்தால் எதிர்காலம், ‘லி’ வைத்தால் இறந்தகாலம். தலையில் இருக்கும் ‘கி’ நகராது.

அட்டை எழுதுகிறவர்கள் முன்பக்கம் முழு ஒருமை வாக்கியத்தையும் பின்பக்கம் முழுப் பன்மை வாக்கியத்தையும் எழுதலாம். தமிழ்ப் பொருள் வேண்டுமானால் மூலையில் சிறிதாக. கூடப் பழக ஒருவர் இருந்தால், அவர் ஒருமையைச் சொல்ல நீங்கள் பன்மையைத் திருப்பிச் சொல்வது, பிறகு மாற்றிக்கொள்வது. பதில் வருவதற்குள் ‘இது எந்த வகுப்பு’ என்று யோசிக்க வேண்டியிருந்தால் அந்தப் பெயர் இன்னும் ஊறவில்லை. அடுத்த வகுப்புக்குப் போகாமல் அதையே இன்னும் இரண்டு நாள் சொல்ல வேண்டும்.

இதற்கு அடுத்த படி ‘எங்கே’ என்ற கேள்வி. ‘கிசு கிக்கோ வாப்பி?’ (கத்தி எங்கே?) ‘கிக்கோ ஹாப்பா.’ (இங்கே இருக்கிறது.) பதிலில் கத்தி என்ற சொல்லே இல்லை, ‘கி’ மட்டும் நிற்கிறது. கத்தியும் பேனாக்களும் ஒன்றாகத் தொலைந்திருக்கும்போது ‘ஸிக்கோ ஹாப்பா’ என்று ஒருவர் சொன்னால், கிடைத்தவை பேனாக்கள். நிஜப் பேச்சில் முன்னொட்டு செய்கிற வேலை இதுதான்: பெயரைத் திரும்பச் சொல்லாமலே எதைப் பற்றிய பேச்சு என்று காட்டுவது. மனிதருக்கு இந்த இடத்தில் ‘அ’ வராமல் ‘யூ’ வரும்: ‘ம்தோத்தோ யூக்கோ வாப்பி?’ இது ஒன்றைத் தனியாகக் கற்க வேண்டும்.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்க, பெயரை மறைத்துவிட்டு மீதியைக் கேட்டுப் பெயரை ஊகிக்கலாம். ‘… லாங்கு ஸூரி லிமெஆங்குக்கா’ என்றால் பழம், சந்தேகமே இல்லை. ‘… யாங்கு இமெஆங்குக்கா’ என்றால் பேனா ஒன்றா, மரங்களா? இரண்டும் சரி. ‘ன்ஸூரி’ அல்லது ‘மிஸூரி’ சேர்ந்தால்தான் பிரியும். இப்படி எங்கே பிரியும், எங்கே பிரியாது என்று சொல்ல வருகிறவருக்கு வகுப்பு அட்டவணை இனித் தேவைப்படாது.

கடன் சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘கித்தாபு’ அரபியிலிருந்து வந்தது; தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலுள்ள ‘கிதாபு’ம் அதுவே. அரபியில் ‘கி’யிலுள்ள ககரம் வேரின் பகுதி, முன்னொட்டு அல்ல. ஆனால் சுவாஹிலிக் காது அதை முன்னொட்டாகவே கேட்டுவிட்டது, எனவே பன்மை ‘வித்தாபு’. இடதுபக்கம் செல் என்று பொருள்படும் ஆங்கிலப் பலகையின் ‘கீப் லெஃப்ட்’கூட சாலை ரவுண்டானாவுக்குப் பெயராகி ‘கிப்லெஃப்தி’ ஆனது. ரவுண்டானாக்கள் பல இருந்தால் ‘விப்லெஃப்தி’. முன்னொட்டு எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

அரபி அடைமொழிகளோ எதையும் ஏற்பதில்லை. ‘சாஃபி’ (சுத்தமான) எங்கேயும் சாஃபியே: கிசு சாஃபி, விசு சாஃபி. ‘கி’ போட்டுப் பழகிய உற்சாகத்தில் ‘கிசாஃபி’ என்று சொல்லிவிடுவது வழக்கமான பிழை. எண்களிலும் இதே பிளவு உண்டு. 1 முதல் 5 வரையும், 8-உம் முன்னொட்டு ஏற்கும். 6, 7, 9, 10 ஏற்காது. விசு வித்தாத்து (மூன்று கத்திகள்), ஆனால் விசு சீத்தா (ஆறு கத்திகள்). எட்டு நடுவில் வந்து தனியாக நிற்பதால், ஐந்தோடு கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

இங்கே சொன்னதெல்லாம் செந்தர சுவாஹிலி. அதன் அடிப்படை சான்சிபாரின் உங்குஜாப் பேச்சு. 1928-இல் மொம்பாசாவில் கூடிய மாநாட்டில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். டான்சானியாவின் கரையோரத்தில் இந்தப் பொருத்தங்கள் பேச்சிலும் ஒழுங்காகக் கேட்கும். நைரோபி போன்ற உள்நாட்டு நகரங்களில் அப்படியில்லை. பலர் பொருள்களுக்கெல்லாம் பேனா வகுப்பின் முன்னொட்டையே போட்டுவிடுவார்கள்: ‘கித்தாபு யாங்கு இமெஆங்குக்கா.’ தெருவில் யாரும் அதைத் திருத்தமாட்டார்கள். பாடப் புத்தகத்தில் ‘கித்தாபு ச்சாங்கு கிமெஆங்குக்கா’ என்று கற்றவர் அங்கே போனால் முதலில் தன் காதைச் சந்தேகிப்பார். கேட்கும்போது இரண்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பேசும்போது செந்தர வடிவத்தை வைத்துக்கொண்டால் நைரோபியிலும் புரியும், சான்சிபாரிலும் புரியும். ஆனால் நைரோபித் தெருவில் பழகிய ‘கித்தாபு யாங்கு’வைத் தேர்வுத் தாளில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.